மூக்குக்குத் தெரியாத விஷம்

மீன் நாறவில்லை. ஃபார்மலின் இல்லை. நன்றாக வெந்தும் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டு அரை மணியில் முகம் சிவந்து தலை வெடிக்கிறது. மலையேறி வரும் மீனில் ஒளிந்திருக்கும் ஹிஸ்டமினைப் பற்றி.

கேரளத்தில் கடலே இல்லாத மாவட்டங்களில் இரண்டு, இடுக்கியும் பாலக்காடும். ஆனால் மீன் இல்லாத மதியச் சோறு இரண்டு மாவட்டங்களிலும் குறைவு. பீர்மேடு, தேவிகுளம், உடும்பஞ்சோலை பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு, விலைக்குக் கட்டுப்படியாகும் கறி என்றால் மத்தியும் அயிலையும்தான். அந்த மீனில் ஒரு பகுதி கொச்சிப் பக்கமிருந்து ஏறி வருகிறது. இன்னொரு பகுதி தூத்துக்குடி, ராமேஸ்வரம் கரைகளிலிருந்து தேனி வழியாகக் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் வருகிறது. பாலக்காட்டுக்கு வாளையார் வழி. கரையில் ஏலம் போன பெட்டி தோட்டத்து லயத்து வாசலில் இறங்குவதற்குள் ஓர் இரவும் சில கைமாற்றங்களும் கடந்துவிடும்.

பெரும்பாலான நாட்களில் எந்தக் கெடுதலும் நடப்பதில்லை. எப்போதாவது ஒரு நாள் நடக்கும். வீட்டில் நான்கு பேர் ஒரே சட்டியில் வெந்த அயிலைக் குழம்பைச் சாப்பிடுகிறார்கள். கை கழுவிய கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு மட்டும் முகமும் கழுத்தும் கனல் பட்டதுபோல் சிவக்கின்றன. நெற்றிப்பொட்டு துடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. தோலில் அரிப்பும் தடிப்பும். வயிறு முறுக்கிப் பேதியும் ஆகலாம். மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் ஓர் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டதும் சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. "உனக்கு மீன் ஒத்துக்கலை" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவர் மீனைத் தொடுவதில்லை.

பல நேரங்களில் இந்தத் தீர்ப்பு தவறு. ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல. அந்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்த சில மணி நேரம்.

ஒரு பெட்டி அயிலையின் கதை

உயிரோடு இருக்கும் மீனின் சதையில் ஹிஸ்டமின் அநேகமாக இருக்காது. அதன் மூலப்பொருளான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம்தான் இருக்கும். அது எல்லாப் புரதங்களிலும் உள்ள சாதாரணச் சரக்கு. ஆனால் வேகமாக நீந்தும், சதை சிவந்த மீன்களில் அது புரதத்தோடு கோத்துக் கிடக்காமல் தனியாகவும் ஏராளமாக இருக்கிறது. சூரை, அயிலை என்கிற கானாங்கெளுத்தி, மத்தி என்கிற சாளை எல்லாம் இந்த இனம். சூரையின் 100 கிராம் சதையில் ஒரு கிராம் வரைகூட ஹிஸ்டிடின் இருக்கலாம். சங்கரா, நாக்குமீன் போன்ற வெள்ளைச் சதை மீன்களில் இந்த இருப்பு மிகக் குறைவு.

மீனின் செவுளிலும் குடலிலும் சில பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மார்கனெல்லா மார்கனி என்பது அவற்றில் பேர்போனது. மீன் உயிரோடு இருக்கும்வரை இவை சதைக்குள் வர முடியாது. செத்த பிறகு தடுக்க ஆளில்லை. இவற்றிடம் ஓர் என்சைம் இருக்கிறது. ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி வெளியேற்றுவதுதான் அதன் வேலை. கழன்றபின் மிஞ்சுவது ஹிஸ்டமின்.

ஒரு பெட்டியைக் கற்பனையில் பின்தொடர்ந்து பார்ப்போம். அதிகாலையில் கிளம்பி இரவில் கரை திரும்பும் ஒரு விசைப்படகு. நண்பகலில் வலையில் ஏறுகிறது அயிலை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தளத்தின் சூடு 30 டிகிரிக்கு மேல். படகில் ஏற்றி வந்த ஐஸ் குறைவு. இருக்கிற ஐஸ் விலையுள்ள இறாலுக்கும் வஞ்சிரத்துக்கும் போய்விடுகிறது. அயிலை தளத்திலேயே குவியலாகக் கிடக்கிறது. இந்தச் சூடு பாக்டீரியாக்களுக்குக் கல்யாண வீடு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். இரவு கரையில் இறக்கி, ஏலம் விட்டு, அதன் பிறகு பெட்டியில் தாராளமாக ஐஸ் அடித்து லாரியில் ஏற்றுகிறார்கள். காலையில் மலைமேல் பெட்டி திறக்கும்போது மீன் சில்லென்று இருக்கிறது. கண் தெளிவாகவே இருக்கலாம். தொட்டுப் பார்த்தவர், "நல்ல ஐஸ் மீன்" என்று வாங்கிப் போவார்.

கெடுதல் அந்த மீனுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. பிந்தி வந்த ஐஸ் பாக்டீரியாக்களின் பெருக்கத்தை அடக்கும். உண்டான ஹிஸ்டமினை எடுக்காது. அதுமட்டுமல்ல, பாக்டீரியா அடங்கினாலும், ஏன், செத்தே போனாலும், அது விட்டுச்சென்ற என்சைம் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மீன் தொழிலின் பாதுகாப்பு விதிகள் கடைக் கண்ணாடிப் பெட்டியின் குளிரைவிடப் படகின் முதல் மணி நேரங்களைப் பெரிதாக நினைக்கின்றன. காற்றோ நீரோ 28 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், செத்த 6 மணி நேரத்துக்குள் மீன் ஐஸுக்குள் போயாக வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். நம் கடல்களில் அநேகமாக ஆண்டு முழுக்கவே அந்தச் சூடுதான்.

எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து? ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் என்பது உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் எல்லை. இந்திய விதிகளும் 200ஐத் தாண்ட விடுவதில்லை. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது சுவாரஸ்யம். ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் வரை ஆரோக்கியமான ஒருவர் பாதிப்பில்லாமல் தாங்குவார் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு முடிவு செய்தது. ஒருவர் ஒரே வேளையில் கால் கிலோ மீன் சாப்பிட்டால்கூட 50ஐத் தாண்டக்கூடாது என்றால், கிலோவுக்கு 200 என்று வருகிறது. சூரையில் இருக்கும் ஹிஸ்டிடினில் நூற்றுக்கு மூன்று பங்கு மாறினாலே இந்த எல்லை வந்துவிடும். கெட்ட மீனில் கிலோவுக்கு ஆயிரத்தையும் தாண்டுவதுண்டு. அப்போது 150 கிராம் தின்றவர் வயிற்றில் 150 மில்லிகிராம், அதாவது தாங்கும் அளவைப் போல மூன்று மடங்கு.

ஒரே சட்டியில் சாப்பிட்ட நால்வரில் ஒருவர் மட்டும் ஏன் மாட்டினார் என்பதற்கும் விடை இங்கேதான். பெட்டியில் எல்லா மீனும் ஒரே மாதிரி கெடுவதில்லை. குவியலின் மேலே வெயிலில் கிடந்த மீனுக்கும், அடியில் ஐஸ் பட்ட மீனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ஒரே மீனிலும், செவுளுக்கும் குடலுக்கும் பக்கத்துத் துண்டில் அதிகம், வால் துண்டில் குறைவு என்று இருக்கலாம்.

செக்போஸ்ட் தேடுவது வேறு

கேரளத்தில் மீனைப் பற்றிய பயம் புதிதல்ல. 2018 ஜூன் மாதம் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைகளில் சோதனை நடத்தியபோது, வாளையாரிலும் கொல்லம் மாவட்டத்து ஆரியங்காவிலும் ஃபார்மலின் கலந்த சரக்கு டன் கணக்கில் பிடிபட்டது. 2022 ஏப்ரலில் இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டத்தில் மீன் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலி என்றும், மீன் தலைகளைத் தின்ற பூனைகள் செத்தன என்றும் செய்தி வந்தது. சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே மாதம் 'ஆபரேஷன் மத்ஸ்யா' தொடங்கியது. அழுகிய மீன் கிலோ கிலோவாக அழிக்கப்பட்டது.

இந்தச் சோதனைகளில் கைகொடுத்தது, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டை. மீனின் மேல் தேய்த்து ஒரு சொட்டு திரவம் விட்டால் நிறம் மாறி, ஃபார்மலின் உண்டா இல்லையா என்று நிமிடங்களில் சொல்லிவிடும். அமோனியாவுக்கு இன்னொரு பட்டை. எளிமையான, மலிவான, உருப்படியான கருவி. ஆனால் அது கேட்கும் கேள்வி, "இந்த மீனில் யாராவது எதையாவது கலந்தார்களா?" என்பது. ஹிஸ்டமினை யாரும் கலப்பதில்லை. அது மீனுக்குள்ளேயே விளைவது. பட்டை நிறம் மாறாமல் பாஸான மீனிலும் அது இருக்கலாம்.

ஹிஸ்டமினை அளக்க மீனை அரைத்து, சாறு எடுத்து, ஆய்வுக்கூடக் கருவியில் ஏற்ற வேண்டும். ஒரு மீனைப் பார்த்து ஒரு லாரிக்குத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஒரு மீனில் இருப்பது அடுத்ததில் இருக்காது என்பதால், ஒரு சரக்கிலிருந்து ஒன்பது மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது விதி. ஏற்றுமதிக்குப் போகும் சூரைக்கு இது சாத்தியம். விடிவதற்குள் குமுளி மலையேற வேண்டிய மத்தி லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமல்ல.

மூக்கும் உதவாது. மீன் நாறுவது டிரைமெத்திலமின், அமோனியா போன்ற வேறு பொருள்களால். அவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெரும்பாலும் வேறு. நன்றாக நாறும் மீனில் ஹிஸ்டமின் குறைவாக இருக்கலாம். நாறாத மீனில் நிறைய இருக்கலாம். சிலருக்கு மட்டும், சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல் ஓர் எரிச்சல் தெரியும். காரக் குழம்பில் அதையும் யார் கண்டுபிடிப்பது?

கடைசி நம்பிக்கை அடுப்பு. அதுவும் பொய்த்துவிடுகிறது. கொதி பாக்டீரியாவைக் கொல்லும், என்சைமை முடக்கும். ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. பொரித்தாலும் அப்படியே. குடம்புளியும் உப்பும் மிளகாயும் அதை மாற்றாது. ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் இருக்கும். 1973இல் அமெரிக்காவில் டின்னில் அடைத்த சூரை மீனைத் தின்று 232 பேர் பாதிக்கப்பட்டார்கள். டின் மீன் என்பது நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் வேக வைத்து, கிருமியே இல்லாமல் மூடப்பட்டது. கிருமி இல்லைதான். மூடுவதற்கு முன் அது செய்துவைத்த ஹிஸ்டமின் இருந்தது.

முகம் ஏன் சிவக்கிறது?

ஹிஸ்டமின் நம் உடம்புக்கு அந்நியமானதல்ல. நம் உடம்பே அதைத் தயாரித்துச் சில அணுக்களில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. கொசு கடித்த இடம் சிவந்து தடிப்பது அந்த மூட்டைகள் அவிழ்வதால்தான். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஹிஸ்டமினுக்கென்றே பூட்டுகள் உண்டு. சாவி நுழைந்ததும் குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகிறது, அதைச் சுற்றியிருக்கும் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. முகம், கழுத்து, மார்பு ஆகிய இடங்களின் தோலடிக் குழாய்கள் விரிந்து ரத்தம் நிறைவதுதான் அந்தச் சிவப்பும் சூடும். விரிந்த குழாயின் சுவர் கசிவதால் தடிப்பு வருகிறது. நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் அரிப்பு.

தலைவலியும் இதே வழியில்தான் வருகிறது. மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் ரத்தக் குழாய்களைச் சூழ்ந்து வலி நரம்புகள் இருக்கின்றன. அங்கே நைட்ரிக் ஆக்சைடு பெருகும்போது குழாய் விரிந்து, நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் வலி கிளம்புகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ரத்தத்தில் ஹிஸ்டமினை ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களைவிட அவர்களுக்கே வலி பலமாக வந்தது. எங்கும் குழாய்கள் விரிவதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அதுவே படபடப்பு.

அப்படியென்றால் அன்றாடச் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சம் வரும் ஹிஸ்டமின் ஏன் நம்மைத் தாக்குவதில்லை? சிறுகுடலின் சுவரில் ஒரு காவலாள் நிற்கிறது. டைஅமின் ஆக்சிடேஸ் என்ற என்சைம். உணவில் வரும் ஹிஸ்டமினை ரத்தத்துக்குள் விடாமல் வாசலிலேயே சிதைத்துவிடும். ஆனால் இந்தக் காவலாளுக்கு ஒரு பலவீனம்: ஒரு நேரத்தில் இவ்வளவுதான் பார்க்க முடியும். கெட்ட மீனில் ஹிஸ்டமினோடு புட்ரெசின், கடாவெரின் என்ற பொருள்களும் சேர்ந்து வருகின்றன. அவை அதே என்சைமோடு மல்லுக்கட்டி அதன் கையைக் கட்டிப்போடுகின்றன. அந்த நேரத்தில் ஹிஸ்டமின் உள்ளே நுழைந்துவிடுகிறது. தூய ஹிஸ்டமினை வாயில் கொடுத்தால் வரும் பாதிப்பைவிட, அதே அளவு ஹிஸ்டமின் உள்ள கெட்ட மீன் அதிகம் தாக்குவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

காசநோய் மாத்திரையும் சூரை மீனும்

காவலாளின் கையைக் கட்டும் இன்னொரு பொருள், மருந்துப் பையிலேயே இருக்கிறது. இதைக் கண்டு சொன்னது இலங்கை. சி.ஜி. ஊரகொட என்ற நெஞ்சுநோய் மருத்துவரும் எஸ்.ஆர். கொட்டேகொடவும் 1977இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஐசோனியசிட் மாத்திரை சாப்பிட்டுவந்த காசநோயாளிகள் சிலருக்கு, மீன் சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. மீனில் ஹிஸ்டமின் அதிகம் இருந்தது. ஐசோனியசிட், ஹிஸ்டமினைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 1979இல் சீஸ் சாப்பிட்ட ஒரு காசநோயாளிக்கும் இதே கதி நேர்ந்ததை ஊரகொட பதிவு செய்தார்.

இது பழங்கதை அல்ல. இந்தியாவில் வழக்கமான காசநோய்ச் சிகிச்சையின் ஆறு மாதமும் தினசரி மாத்திரையில் ஐசோனியசிட் உண்டு. மலைத் தோட்டத்தில் மாத்திரை வாங்குபவரும், மீன்வண்டியின் ஹாரன் கேட்டு வாசலுக்கு வருபவரும் ஒரே ஆளாக இருக்க முடியும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமின் அவரைப் படுக்க வைத்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அவர் செய்யும் முடிவில் இருக்கிறது. முகம் சிவந்ததும், தடித்ததும் மாத்திரையால்தான் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுவார். பாதியில் நின்ற காசநோய்ச் சிகிச்சை, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். நிறுத்த வேண்டியது மாத்திரையை அல்ல, சிகிச்சைக் காலம் முடியும்வரை சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களையும் கருவாட்டையும் பழைய சீஸையும். "மாத்திரை போட்டேன்" என்று மட்டும் சொல்லாமல், "மீனும் சாப்பிட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கருவாடு, சீஸ், ஒயின்

விற்காத மீன் எங்கே போகிறது? ஒரு பகுதி உப்புத் தொட்டிக்கு. இதில்தான் கருவாட்டின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. புத்தம் புதிய மீனைக் குடல் நீக்கிக் கழுவி, தாராளமாக உப்பிட்டு வேகமாகக் காய வைத்தால், உப்பும் வறட்சியும் பாக்டீரியாவை அடக்கிவிடுகின்றன. ஏற்கெனவே கெடத் தொடங்கிய மீன், அரை உப்பு, மேகமூட்டமான நாளில் இழுத்தடிக்கும் காய்ச்சல் என்று போனால், உப்பு உள்ளே இறங்குவதற்குள் ஹிஸ்டமின் விளைந்துவிடும். காயும்போது தண்ணீர் போகும், ஹிஸ்டமின் போகாது. ஒரு கிலோ ஈர மீன் 350 கிராம் கருவாடாக வற்றினால், கிலோவுக்கு உள்ள ஹிஸ்டமின் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கருவாட்டை நாம் கொஞ்சமாகச் சாப்பிடுவதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். சூரையை வேக வைத்துப் புகையூட்டிக் காய்ச்சும் மாசிக்கும் இதே நியாயம்தான்: வேக வைப்பதற்கு முன் மீன் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே அதன் ஜாதகம்.

சீஸில் கதை மெதுவாக நடக்கிறது. பாலில் ஹிஸ்டிடின் தனியாக அதிகம் இல்லை. புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. மாதக்கணக்கில் பழுக்கும்போது புரதம் சிதைந்து ஹிஸ்டிடின் விடுபடுகிறது. சில லாக்டிக் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்குகின்றன. அதனால்தான் பழுத்த சீஸில் அதிகம். அன்றன்று உறைந்த பன்னீரில் அந்தப் பயம் இல்லை. சிவப்பு ஒயின், சோயா சாஸ், நாட்கணக்கில் நொதித்த மீன் சாஸ் எல்லாவற்றுக்கும் இதே வழி. மது கூடச் சேர்ந்தால், குடலின் காவலாளுக்கு இன்னும் சிரமம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சீஸ், ஒயினுக்குப் பின் வரும் தலைவலி எல்லாவற்றையும் ஹிஸ்டமின் தலையில் கட்டக் கூடாது. சீஸில் டைரமின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒயினில் மதுவே போதும். சிலருக்கு இந்தக் குடல் என்சைம் பிறவியிலோ நோயாலோ குறைவு என்பதும், அவர்களுக்குக் குறைந்த அளவே தொல்லை தரும் என்பதும் உண்மை. ஆனால் அதை உறுதி செய்ய நம்பகமான ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. சந்தேகப்படும் உணவைச் சில வாரம் நிறுத்தி, மீண்டும் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

அலர்ஜியா, விஷமா?

பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும். முன்பு இதே மீனைத் தொல்லையில்லாமல் சாப்பிட்டதுண்டா? அதே பெட்டியில் வாங்கிய அக்கம்பக்கத்தாருக்கும் அன்று இதே தொல்லையா? சாப்பிட்டது சிவந்த சதை மீனா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஹிஸ்டமின் என்று சந்தேகிக்கலாம். உண்மையான மீன் அலர்ஜி, புதிய மீனிலும் வரும், கொஞ்சம் பட்டாலும் வரும், ஒவ்வொரு முறையும் வரும். ஆஸ்பத்திரியில் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்ய முடிந்தால், கடும் அலர்ஜியில் அது உயரும். ஹிஸ்டமின் விஷத்தில் வழக்கமாக உயராது. காரணம் எளிது. இங்கே உடம்பின் மூட்டைகள் அவிழவில்லை, ஹிஸ்டமின் வெளியிலிருந்து வந்திருக்கிறது.

பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அந்தப் பூட்டை அடைத்து வேகமாகத் தணிக்கும். ஆனால் மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சு இறுக்கம் வந்தால் வீட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது. அது எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். இன்னொன்றும் செய்யலாம்: மிஞ்சிய மீனைக் கொட்டிவிடாமல் ஃப்ரீசரில் வைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்கலாம். அளந்து சொல்ல அதுதான் சாட்சி.

வாங்குபவரின் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் இல்லாமலில்லை. மத்தியும் அயிலையும் ஐஸில் புதைந்திருக்க வேண்டும், ஐஸ் மேல் அலங்காரமாகக் கிடக்கக் கூடாது. வயிறு உடைந்த மீன் வேண்டாம். வாங்கியதை மற்ற சாமான்களோடு வெயிலில் தூக்கித் திரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், உடனே செவுளும் குடலும் நீக்கிக் கழுவி, சமைக்க வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும். உறைந்த மீனைக் காலையிலிருந்து தொட்டியில் போட்டு வைத்து மாலையில் சமைக்கும் பழக்கம் ஆகாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடலாம். நேற்றைய மீன் குழம்பைப் பற்றிப் பயம் வேண்டாம். நல்ல மீனில் வைத்து, கொதிக்க வைத்துக் குளிரில் எடுத்துவைத்த குழம்பில் ராத்திரியில் புதிதாக ஹிஸ்டமின் விளைய வாய்ப்புக் குறைவு. குழம்பைவிட, சட்டிக்குப் போகும் முன் மீன் கிடந்த நேரமே முக்கியம்.

மீதியெல்லாம் படகில் இருக்கிறது. மலையடிவாரத்தில் எத்தனை லாரிகளை நிறுத்தினாலும், பகல் பன்னிரண்டு மணிக்குக் கடல் நடுவில் கொட்டப்படாத ஐஸை யாரும் பிறகு கொட்ட முடியாது. விலையுயர்ந்த வஞ்சிரத்துக்கு ஐஸ் போட்ட அதே கை, மலிவான மத்திக்கும் ஒரு வாளி போட்டால், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர், "எனக்கு மீன் ஒத்துக்கலை" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லத் தேவையிருக்காது.